பவர் பேங்க்கில் லேப்டாப் ஓடுமா? பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். நூலகத்தில் பவர் பாயிண்ட் இருக்கிற மேசைகளெல்லாம் காலையிலேயே நிரம்பிவிடுகிறதாம், தேர்வு நேரத்தில் கேட்கவே வேண்டாம். "மாமா, போனுக்கு வச்சிருக்கிற பவர் பேங்க்கை லேப்டாப்ல குத்தினேன், ஒண்ணுமே ஆகல. 22.5 வாட்னு பெருசா போட்டிருக்கு, அப்புறம் ஏன் ஏறல?" என்று இரண்டையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கேள்வி சரியான கேள்வி. பதில் வாட்டில் இல்லை, வோல்ட்டில் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் லேப்டாப்போடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். அவுட்புட் என்ற வரியில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 65 வாட். ஒயரின் முனை டைப்-சி. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் லேப்டாப்பில் டைப்-சி துளை இருந்தாலே அதன் வழியாக சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. சில மாடல்களில் அது டேட்டாவுக்கு மட்டும், சார்ஜுக்குப் பக்கத்தில் தனியாக உருண்டைப் பின் இருக்கும். கம்பெனி அடாப்டரே டைப்-சியாக இருந்தால் அந்தச் சந்தேகம் அதோடு முடிந்தது. உருண்டைப் பின் மட்டும் இருக்கிற லேப்டாப்புக்கு மாற்று ஒயர்கள் விற்கிறார்கள், ஆனால் பின்னின் அளவு, அடாப்டரை அடையாளம் காணும் நடு ஊசி என்று அது வேறு தலைவலி, இந்தப் பதிவில் அதற்குள் போகவில்லை.

அடுத்து பவர் பேங்க்கைத் திருப்பினேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வெளிர்சாம்பல் நிற எழுத்து, அதுவும் எறும்பு அளவில். படிக்கக் கூடாது என்றே அச்சடித்த மாதிரி இருக்கும். போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. டைப்-சி அவுட்புட்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர், 12 வோல்ட் 1.67 ஆம்பியர். யூஎஸ்பி-ஏ அவுட்புட்: அதே மாதிரி சில வரிகள், கடைசியில் 10 வோல்ட் 2.25 ஆம்பியர். அந்தக் கடைசி வரிதான் 22.5 வாட். அதாவது பெட்டியின் முன்னால் கொட்டை எழுத்தில் போட்ட எண் யூஎஸ்பி-ஏ துளைக்கு உரியது, அதுவும் குறிப்பிட்ட சில போன்களின் வேக சார்ஜுக்கு. டைப்-சி துளையில் அதிகபட்சம் 20 வாட்தான், அதுவும் 12 வோல்ட்டைத் தாண்டாது.

லேப்டாப் ஏன் 12 வோல்ட்டைச் சீண்டவில்லை? லேப்டாப் பேட்டரிக்குள் மூன்று அல்லது நான்கு செல்களை வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். ஒரு செல் நிரம்பும்போது 4.2 வோல்ட் என்று வைத்தால், நான்கு செல்லுக்கு ஏறத்தாழ 17 வோல்ட். மாடியில் இருக்கிற தொட்டியை, அதைவிடத் தாழ்வாக இருக்கிற தொட்டியிலிருந்து வெறும் குழாய் போட்டு நிரப்ப முடியாது, குழாய் எவ்வளவு பெருத்தாலும் சரி. பல விண்டோஸ் லேப்டாப்புகளின் சார்ஜிங் சுற்று, வருகிற வோல்ட்டைக் குறைத்துப் பேட்டரிக்குக் கொடுக்கிற வகை. அவற்றுக்கு 20 வோல்ட் வேண்டும், சிலவற்றுக்கு 15 போதும். குறைந்த வோல்ட்டையும் ஏற்றிக்கொள்கிற சுற்று உள்ள லேப்டாப்புகளும் உண்டு, மேக்புக்குகளில் போன் சார்ஜரைச் செருகினாலும் மெதுவாகவாவது ஏறும். எம்1 மேக்புக் ஏரோடு வந்ததே 30 வாட் அடாப்டர்தான். அதனால் "நண்பனுக்கு வேலை செய்தது" என்பதை நம்பி வாங்காதீர்கள், அவன் வைத்திருப்பது எந்த லேப்டாப் என்பதைப் பொறுத்தது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு "வெடிச்சிடப் போகுதுடா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டைப்-சி பவர் டெலிவரியில் ஒயரைச் செருகியதும் முதலில் 5 வோல்ட்தான் வரும். பிறகு பவர் பேங்க் தன்னிடம் இருக்கிற வோல்ட்-ஆம்பியர் பட்டியலை அனுப்பும், லேப்டாப் அதில் ஒன்றைக் கேட்கும், அதற்குப் பிறகுதான் வோல்ட் ஏறும். ஒத்துவரவில்லை என்றால் எதுவும் நடக்காது. நம் பழைய பவர் பேங்க்கில் நடந்தது அதுதான். பட்டியல் வந்தது, அதில் 20 இல்லை, லேப்டாப் பேசாமல் இருந்துவிட்டது.

ஆக, முதல் சோதனை இவ்வளவுதான்: பவர் பேங்க்கின் டைப்-சி அவுட்புட் வரியில் 20 வோல்ட் என்று இருக்கிறதா? இல்லையென்றால், இவளுடையது மாதிரி 20 வோல்ட் கேட்கிற லேப்டாப்பின் கதையை மறந்துவிடலாம். 45 வாட் என்று போட்ட பவர் பேங்க்குகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 45 வாட்டை 15 வோல்ட் 3 ஆம்பியர் என்றும் கொடுக்கலாம், 20 வோல்ட் 2.25 ஆம்பியர் என்றும் கொடுக்கலாம். முன்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

சோதிக்க இரண்டு பவர் பேங்க்குகள் கிடைத்தன. ஆபீஸ் நண்பரிடம் வாங்கியது 45 வாட், அதில் 20 வோல்ட் 2.25 ஆம்பியர் வரி இருந்தது. இன்னொன்று நான் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியது, 20000 எம்ஏஎச், 65 வாட். அங்கே ஒரு கடையில் 100 வாட் என்று சொல்லி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் ஒரு டைப்-சிக்கு 65, இன்னொன்றுக்கு 20, மீதி யூஎஸ்பி-ஏக்கு, எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த நூறு. பெட்டியைப் பிரித்துப் பின்பக்கம் பார்க்க விடவில்லை என்றால் நான் வாங்குவதே இல்லை. கூடவே டைப்-சி ஒயருக்கு நடுவே செருகுகிற சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். கட்டை விரல் அளவுதான், திரையில் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் ஓடும், எவ்வளவு வாட்-ஹவர் போயிருக்கிறது என்று கூட்டியும் காட்டும். எல்லோருக்கும் இது தேவையில்லை, கீழே சொல்கிற கமாண்ட் போதும்.

முதலில் 45 வாட். செருகியதும் மீட்டரில் 5 என்று வந்து, ஒரு கணம் நின்று, 20க்குத் தாவியது. லேப்டாப்பில் சார்ஜ் குறி வந்தது, கூடவே `Slow charger` என்ற அறிவிப்பும். அந்த அறிவிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், "என் கம்பெனி அடாப்டரைவிடக் குறைவாகத் தருகிறாய்" என்பதுதான் பொருள். ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்தக் குறி சொல்லாது. அதற்கு விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதை ஓட்டினேன்:

```
Get-CimInstance -Namespace root/wmi -ClassName BatteryStatus |
  Select-Object PowerOnline, ChargeRate, DischargeRate, RemainingCapacity
```

`ChargeRate` என்பது பேட்டரிக்குள் போவது, `DischargeRate` பேட்டரியிலிருந்து வெளியே போவது, இரண்டும் மில்லிவாட்டில். ஆயிரத்தால் வகுத்தால் வாட். வேர்டில் ஒரு கட்டுரை, பிரவுசரில் நாலைந்து பக்கங்கள் திறந்திருந்தபோது `ChargeRate` 25000 பக்கம் நின்றது. அதாவது லேப்டாப் தன் வேலைக்கு எடுத்தது போக 25 வாட் பேட்டரிக்குப் போகிறது. தாராளம். அப்புறம் அவளுடைய பாடத்துக்கான முப்பரிமாண மென்பொருளைத் திறந்து ஒரு படத்தை உருவாக்கச் சொன்னோம். விசிறி இரையத் தொடங்கியது, `ChargeRate` சடசடவென்று விழுந்து பூஜ்யமானது, கொஞ்ச நேரத்தில் `DischargeRate` பக்கம் எண் வந்தது. `PowerOnline` இன்னும் `True` என்றே இருக்கிறது, திரையின் மூலையில் பிளக் படமும் இருக்கிறது, ஆனால் பேட்டரி இறங்குகிறது. பவர் பேங்க்கிலிருந்து வருவது போதாமல் மீதியைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேலை கெடவில்லை. "செருகித்தானே வச்சிருந்தேன், எப்படி 40 சதவீதம் ஆச்சு" என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் இதை ஓட்டலாம், செருகியிருக்கிற சார்ஜர் எத்தனை வாட் என்று ஒத்துக்கொண்டது என்பது கடைசிப் பகுதியில் தெரியும்:

```
system_profiler SPPowerDataType
```

எல்லா லேப்டாப்பும் 45 வாட்டுக்கு இப்படி விட்டுக்கொடுக்காது. சில மாடல்கள் குறைந்த வாட்டைக் கண்டால் சார்ஜ் ஏற்றாமல் ஓட்டத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும், சில வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில மொத்தமாக மறுத்துவிடும். அடாப்டரில் 65 என்று இருந்தால் 65 வாட் பவர் பேங்க் வாங்குவது பாதுகாப்பு. 45 உங்கள் மாடலில் வேலை செய்யுமா என்பதைச் செருகிப் பார்த்தால்தான் தெரியும், கடன் வாங்கியாவது முதலில் பாருங்கள். 200 வாட்டுக்கு மேல் அடாப்டர் கொண்ட கேமிங் லேப்டாப்பில் சும்மா டைப் அடிக்க வேண்டுமானால் இது உதவலாம், கேம் ஆட உதவாது.

இப்போது 65 வாட். பேட்டரி 22 சதவீதத்தில் இருக்கும்போது செருகினேன். மீட்டரில் 19.8 வோல்ட், 2.9 ஆம்பியர், கிட்டத்தட்ட 57 வாட். அறிவிப்பு எதுவும் வரவில்லை. பிறகு ஒயரைக் கவனித்தேன். நான் செருகியிருந்தது போனோடு வந்த டைப்-சி ஒயர். சாதாரண டைப்-சி ஒயருக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு, 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் வரை போக வேண்டுமென்றால் ஒயரின் முனைக்குள் ஒரு அடையாளச் சிப் இருக்க வேண்டும், பவர் பேங்க் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 3 ஆம்பியருக்கு மேலான வரியைப் பட்டியலில் காட்டும். 100 வாட் அல்லது 5 ஆம்பியர் என்று போட்ட ஒயரை மாற்றியதும் மீட்டர் 62ஐ எட்டியது. 65 வாட் லேப்டாப்புக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, போன் ஒயரே போதும். ஆனால் 100 வாட் பவர் பேங்க்கை வாங்கி 60 வாட் ஒயரில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முனை பழைய யூஎஸ்பி-ஏ ஆக இருக்கிற ஒயரில் இந்தப் பேச்சுவார்த்தையே நடக்காது, லேப்டாப்புக்கு அது ஆகாது.

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் போனையும் பவர் பேங்க்கின் இரண்டாவது துளையில் செருகினாள். லேப்டாப் திரை மங்கி மறுபடி வெளிச்சமானது. மீட்டரில் 20 வோல்ட் 5க்கு விழுந்து, ஓரிரு விநாடியில் மறுபடி 20க்கு வந்தது, ஆனால் இப்போது 45 வாட்தான். இரண்டாவது சாதனம் வந்ததும் பவர் பேங்க் இருக்கிறதைப் பங்கு பிரித்து, புதுப் பட்டியலோடு முதலிலிருந்து பேசுகிறது. லேப்டாப்பில் நல்ல பேட்டரி இருந்தால் இந்த இடைவெளி தெரியாது. பேட்டரி செத்துப்போய் ஒயரில் மட்டுமே உயிர் வாழ்கிற பழைய லேப்டாப் என்றால் அந்த விநாடியில் அணைந்துவிடும், சேமிக்காத வேலையும் போச்சு. எப்படிப் பிரியும் என்பதும் பின்பக்கத்திலேயே இருக்கும், 45 கூட்டல் 20 என்ற மாதிரி ஒரு வரி.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒருமுறை ஒயரைக் கழற்றி மாட்டியபோது பவர் பேங்க்கின் திரையில் 62 சதவீதம் என்று இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 63. லேப்டாப் பவர் பேங்க்குக்கு சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தது! இரண்டின் டைப்-சி துளையும் கொடுக்கவும் தெரிந்தவை, வாங்கவும் தெரிந்தவை, யார் கொடுப்பது என்பது செருகும் கணத்தில் முடிவாகிறது, சில நேரம் தலைகீழாக முடிவாகிவிடும். கழற்றி, பவர் பேங்க்கின் பட்டனை அழுத்தி விழிக்க வைத்து, மறுபடி செருகியதும் சரியானது. லேப்டாப்பில் பிளக் குறி வராமல் பவர் பேங்க்கின் சதவீதம் ஏறினால் விஷயம் இதுதான்.

எவ்வளவு நேரம் ஓடும்? எம்ஏஎச்சை அப்படியே நம்பாதீர்கள், அது உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்கிற கணக்கு. 20000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-ஹவர், அதை 3.7ஆல் பெருக்கினால் 74 வாட்-ஹவர். இந்த எண்ணும் பவர் பேங்க்கிலேயே அச்சாகியிருக்கும். அதை 20 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். முழுதாக நிரப்பி, முழுதாகக் காலியாகும்வரை ஓட்டியபோது மீட்டர் கூட்டிக் காட்டியது 63 வாட்-ஹவர். 74இல் 85 சதவீதம், நல்ல கணக்குதான்.

லேப்டாப் பக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள:

```
powercfg /batteryreport
```

இது ஒரு அறிக்கையை உருவாக்கி, எந்த ஃபோல்டரில் வைத்தது என்றும் சொல்லும். அதில் `FULL CHARGE CAPACITY` 46 வாட்-ஹவர் பக்கம் இருந்தது, வாங்கியபோது 52. லேப்டாப் பேட்டரி நிரம்பிய நிலையில், கட்டுரை எழுதும்போது மீட்டர் காட்டியது 11 வாட் அளவு, வீடியோ அழைப்பில் 20. அப்படியென்றால் 63ஐ 11ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 20ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேப்டாப் 22 சதவீதத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து செருகினால், பவர் பேங்க்கின் மின்சாரம் முதலில் லேப்டாப் பேட்டரிக்குள் போய், பிறகு அங்கிருந்து வெளியே வரும். நிரப்ப 36 வாட்-ஹவர் வேண்டும், இழப்போடு சேர்த்து 40 என்று வையுங்கள். ஏறி முடிக்க எடுக்கிற ஒன்றரை மணி நேரத்தில் நாம் எழுதுவதற்கு இன்னும் 17. மொத்தம் 57, அதாவது பவர் பேங்க்கே ஏறத்தாழ காலி. கணக்குப் போட்டால் நேராக ஓட்டுவதைவிட இருபது நிமிடமாவது குறைகிறது. அதைவிட முக்கியம் சூடு. 57 வாட் தொடர்ந்து போகும்போது பவர் பேங்க்கைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது. புளோக் கீழே காற்றில்லாத மத்தியானத்தில் வைத்துப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே 65இலிருந்து இறங்கி 45 வாட் கொடுக்க ஆரம்பித்தது. அது கோளாறில்லை, தற்காப்பு. பைக்குள் மூடி வைத்து ஓட்டுவதுதான் தப்பு. அவளிடம் நான் சொன்னது: வீட்டிலிருந்து லேப்டாப்பை நிரப்பிக்கொண்டு போ, நூலகத்தில் உட்கார்ந்ததும் பவர் பேங்க்கைச் செருகிவிடு, அது தீர்ந்த பிறகு லேப்டாப் பேட்டரியில் ஓட்டு. 11 வாட்டில் பவர் பேங்க் வெதுவெதுப்புகூட ஆகாது.

லேப்டாப் நிரம்பி, மூடி வைத்துவிட்டு சாப்பிடப் போனால், மின்சாரம் எடுப்பது மிகவும் குறைந்துவிடும். "யாரும் இல்லை" என்று நினைத்துப் பவர் பேங்க் அணைந்துவிடும். திரும்பி வந்து லேப்டாப்பைத் திறக்கும்போது அது தானாக விழிக்காமல் போகலாம். பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு உட்காருங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோகலாம், அதனால்தான் பெரிய பவர் பேங்க்குகள் 27000 எம்ஏஎச் பக்கத்தில் நின்றுவிடுகின்றன, 27ஐ 3.7ஆல் பெருக்கினால் 99.9. செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. அது மட்டுமில்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் எதையும் சார்ஜ் செய்யக் கூடாது, பவர் பேங்க்குக்கும் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டன. திருச்சி போகிற நான்கு மணி நேரத்துக்கு லேப்டாப்பைச் சாங்கியிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.